செக்யூர் பூட் ஆனில் இருந்த லேப்டாப், நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தால்

கேள்வி: "தண்டையார்பேட்டையில சின்ன கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் வெச்சிருக்கேன். போன வாரம் டி.எச். ரோடுல ஷேர் ஆட்டோவுல ஆபீஸ் லேப்டாப்பை மறந்து விட்டுட்டேன். ஆஃப் பண்ணல, மூடி மட்டும் வெச்சிருந்தேன். நாலு நாள் கழிச்சு கைக்கு வந்துச்சு. விண்டோஸ் 11 ஹோம். செக்யூர் பூட் ஆன்னு காட்டுது. வாங்கின கடையில, 'அது ஆன்ல இருந்தா யாரும் உள்ள போயிருக்கவே முடியாது'ங்கறாங்க. நம்பலாமா?"

நம்ப வேண்டாம் சார். கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்க மாட்டார், பெட்டியில் "செக்யூர்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், மண்ணடிப் பக்கத்துச் சின்ன ஆபீஸ்களுக்கு வருஷக்கணக்காக கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்க்கிறேன், இதே பதிலை நிறைய பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். உங்கள் லேப்டாப்பில் கவலைப்பட வேண்டியது மூன்று விஷயம்: உள்ளே இருந்ததை யாராவது பார்த்தார்களா, உள்ளே எதையாவது போட்டார்களா, பின்பக்க மூடியைக் கழற்றி ஏதாவது செய்தார்களா. மூன்றிலுமே செக்யூர் பூட்டின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

அது செய்யும் வேலை இவ்வளவுதான். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் (நாம் இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம்) விண்டோஸைக் கிளப்பும் முதல் புரோகிராமை எடுத்து, அதில் தனக்குத் தெரிந்த கையெழுத்து இருக்கிறதா, தடைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்கிறது. சரியாக இருந்தால் ஓடவிடுகிறது. அந்தப் புரோகிராம் அடுத்ததைச் சரிபார்க்கிறது, அது விண்டோஸின் மையமான கெர்னலை, கெர்னல் ஹார்டுவேரை இயக்கும் டிரைவர் புரோகிராம்களை. விண்டோஸுக்கு முன்னாலேயே புகுந்து உட்காரும் வைரஸ்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, அந்த வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கிறது. உங்கள் தொழிலிலேயே சொல்வதானால், துறைமுக கேட்டில் பாஸ் பார்ப்பது மாதிரி. பாஸ் செல்லுபடியானதா என்று பார்ப்பார்கள், லாரியின் பின்கதவு பூட்டாமல் தொங்குகிறதா என்பது அந்த கேட்டின் வேலை இல்லை. டிஸ்கில் இருக்கும் ஃபைல்களை அது பூட்டுவதில்லை. திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பதும் அதற்குத் தெரியாது.

முதலில் அந்த மூடி வைத்த நிலை. மூடியை மூடினால் சாதாரணமாக லேப்டாப் தூங்கப் போகும், அணையாது. செக்யூர் பூட்டின் சோதனை நீங்கள் காலையில் அதை ஆன் செய்தபோதே முடிந்துவிட்டது. ஆட்டோவில் யாரோ மூடியைத் திறந்தபோது லேப்டாப் புதிதாக பூட் ஆகவே இல்லை, தூக்கத்திலிருந்து எழுந்தது மட்டும்தான், ஆகவே எதையும் சரிபார்க்க வாய்ப்பே வரவில்லை. அப்போது இடையில் நின்றது விண்டோஸின் பாஸ்வேர்டு திரை மட்டும். அது வந்ததா என்பதைத்தான் நீங்கள் இப்போது பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் Accounts, அதில் Sign-in options போனால், விலகியிருந்து திரும்பும்போது எப்போது மறுபடி சைன் இன் கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும். சின்ன ஆபீஸ்களில் "ஒவ்வொரு தடவையும் அடிக்கணுமா" என்று அலுத்துக்கொண்டு அதை Never என்று மாற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதும் அப்படி இருந்தால், மூடியைத் திறந்த ஆள் நேராக உங்கள் டெஸ்க்டாப்பில் நின்றிருப்பார். பிரவுசரில் லாகின் ஆகியிருந்த மெயில், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், வாடிக்கையாளர்களின் இன்வாய்ஸ், எல்லாம் அவர் கையில். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் யுஎஸ்பியில் செருகியபடியே விட்டிருந்தால் அது தனிக் கதை, கடைசியில் வருகிறேன். நாலு நாளில் பேட்டரி தீர்ந்து லேப்டாப் தானாகவே அணைந்திருக்க வாய்ப்பு அதிகம், அதனால் இந்த ஆபத்து பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளுக்கானது.

அணைந்த பிறகு கதை மாறுகிறது, ஆனால் நல்லதாக மாறவில்லை. டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி எஸ்எஸ்டியை வெளியே எடுத்து, பஜாரில் கிடைக்கும் ஒரு சின்ன யுஎஸ்பி டப்பாவில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லா ஃபைலும் தெரியும். உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். கழற்றக்கூடத் தேவையில்லை: உபுண்டு மாதிரி லினக்ஸ் பென்டிரைவைச் செருகி, செக்யூர் பூட்டை ஆனிலேயே வைத்துக்கொண்டு அதிலிருந்து பூட் செய்யலாம். காரணம், உபுண்டுவின் முதல் பூட் புரோகிராமில் மைக்ரோசாஃப்டின் கையெழுத்து இருக்கிறது, பெரும்பாலான லேப்டாப்கள் அந்தக் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளும்படியே தயாராகி வருகின்றன. சில புது பிசினஸ் மாடல்களில் மட்டும் அது முதலிலிருந்தே நிறுத்தப்பட்டிருக்கும். ஆக செக்யூர் பூட் ஒரு தப்பும் செய்யாமல், விதிப்படி நடந்துகொண்டே, உங்கள் C டிரைவை அந்நியருக்குத் திறந்து காட்டியிருக்க முடியும். இது பிழை கிடையாது, அதன் வடிவமைப்பே அப்படித்தான்.

அதனால் உங்கள் கேள்விக்கு நிஜமான பதில், டிஸ்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் டிஸ்க் என்கிரிப்ஷனில் இருக்கிறது. ஸ்டார்ட்டில் cmd என்று தேடி, அட்மினாகத் திறந்து இதை அடியுங்கள்:

```
manage-bde -status C:
```

ஹோம் எடிஷனிலும் இது ஓடும். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், என்னைக் கேட்டால் இந்தப் பதிலிலேயே முக்கியமான இடம் இதுதான். வரும் பதிலில் Percentage Encrypted: 100.0% என்று இருந்தால் உடனே நிம்மதியாகி விடாதீர்கள், இன்னும் கீழே பாருங்கள். இப்படி இருக்கலாம்:

```
Conversion Status:    Used Space Only Encrypted
Percentage Encrypted: 100.0%
Protection Status:    Protection Off
Key Protectors:       None Found
```

டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, ஆனால் திறக்கும் சாவி அதே டிஸ்கிலேயே மறைவில்லாமல் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஹோம் எடிஷனில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற வசதி, தகுதியான லேப்டாப்களில் முதல் நாளே தானாக ஓடி முடித்துவிடும். ஆனால் நீங்கள் ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சைன் இன் செய்து, மீட்புச் சாவி அங்கே சேமிக்கப்பட்ட பிறகுதான் டிஸ்கில் கிடக்கும் அந்த வெளிப்படையான சாவி அழிக்கப்படும். கடையிலேயே லோக்கல் அக்கவுண்ட் போட்டு "admin" என்று பெயர் வைத்துக் கொடுத்த லேப்டாப்களில் அந்தக் கடைசிப் படி நடந்தே இருக்காது. உங்களுடையது இப்படி இருந்தால், உள்ளே இருந்த எல்லாவற்றையும் யாரோ பார்த்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

Protection On என்று வந்து, அதன் கீழே TPM, Numerical Password என்ற இரண்டும் இருந்தால் நிலைமை நிறையத் தேறும். சாவி இப்போது சாவிகளைப் பாதுகாப்பதற்கென்றே இருக்கும் டிபிஎம் என்ற சிப்பில் இருக்கிறது, பூட் ஆகும் முறை மாறாமல் இருந்தால்தான் சிப் சாவியைக் கொடுக்கும். எஸ்எஸ்டியை வெளியே எடுத்தாலோ உபுண்டுவில் பூட் செய்தாலோ டிஸ்க் திறக்காது. செக்யூர் பூட் உண்மையில் உங்களுக்கு உதவும் இடம் இதுதான், ஏனென்றால் அதன் நிலையையும் டிபிஎம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் உங்களிடம் எதையும் கேட்காமல் தானாகத் திறக்கும் எந்தப் பூட்டிலும் ஒரு பலவீனம் இருக்கும். டிபிஎம் தனிச் சிப்பாக இருக்கும் பழைய மாடல்களில், சாவி சிப்பிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியிலேயே அதைக் கம்பி வைத்துப் படிக்க முடியும். 2024 பிப்ரவரியில் ஒருவர் ஒரு பழைய திங்க்பேடில், மலிவான ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டை வைத்து, ஒரு நிமிஷத்துக்குள் இதைச் செய்து வீடியோ போட்டார். ப்ராசஸருக்குள்ளேயே டிபிஎம் இருந்தால் இந்த வழி ஓடாது. இன்னொன்று மூடியைக் கழற்றாமலே செய்வது, பெயர் பிட்பிக்ஸி. 2024 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் செய்து காட்டினார்கள். மைக்ரோசாஃப்டே கையெழுத்துப் போட்ட, ஓட்டையுள்ள பழைய பூட் மேனேஜரைக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். கையெழுத்து சரியாக இருப்பதால் செக்யூர் பூட் அதை விட்டுவிடுகிறது, சாவி மெமரிக்கு வந்துவிடுகிறது. பழைய பூட் மேனேஜர்களை எல்லாம் ஒரேயடியாகத் தடைப்பட்டியலில் போட்டால் பழைய ரெக்கவரி பென்டிரைவ்களும் சேர்ந்து செத்துவிடும், அதனால் மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாகத்தான் செய்கிறது. ஷேர் ஆட்டோவில் கிடைத்த லேப்டாப்புக்கு இவ்வளவு மெனக்கெடும் ஆள் அபூர்வம் என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டும்தான். இரண்டு வழியையும் அடைப்பது ஆன் செய்தவுடனே கேட்கும் பின் நம்பர், அதற்கு ப்ரோ எடிஷன் வேண்டும்.

நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள ஈவென்ட் வியூவரைத் திறங்கள். System லாகில் Power-Troubleshooter என்ற பெயரில் 1 என்ற எண் இருந்தால், அதில் தூங்கிய நேரமும் எழுந்த நேரமும் இருக்கும். புது மாடல்களில் அதற்குப் பதிலாக Kernel-Power 506, 507 வரும். லேப்டாப் உங்களிடம் இல்லாத நேரத்தில் எழுந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் Security லாகில் 4624, அதில் Logon Type 7 என்றால் பூட்டிய திரை திறக்கப்பட்டிருக்கிறது. எழுந்த பதிவு மட்டும் இருந்து Logon Type 7 உள்ள 4624 இல்லை என்றால் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம்: பாஸ்வேர்டு திரையோடு நின்றுவிட்டார்கள், அல்லது நீங்கள் Never போட்டிருந்ததால் பாஸ்வேர்டே கேட்கவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். எஸ்எஸ்டியை வெளியே எடுத்துக் காப்பி செய்திருந்தால் இந்த லாகில் ஒரு வரிகூட இருக்காது, அந்த நேரத்தில் உங்கள் விண்டோஸ் ஓடவே இல்லையே. டிஸ்கின் உள்ளேயே எத்தனை தடவை பவர் வந்தது, எவ்வளவு படிக்கப்பட்டது என்ற கணக்கு இருக்கும், ஆனால் முந்தைய எண்ணை நீங்கள் குறித்து வைத்திருந்தால்தான் அதை வைத்து ஏதாவது சொல்ல முடியும். லாகில் எதுவும் இல்லை என்பது எதுவும் நடக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது.

இனி, உள்ளே எதையாவது போட்டிருந்தால்? இங்கே கையெழுத்துள்ள டிரைவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "செக்யூர் பூட் இருந்தால் கெட்ட டிரைவர் ஏறாது" என்பது பாதி உண்மை. கையெழுத்தில்லாத டிரைவரை விண்டோஸ் ஏற்றாது. டிரைவர் எழுதுபவர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் டெஸ்ட் சைனிங்கை ஆன் செய்து ஏமாற்றலாம் என்று பார்த்தால் செக்யூர் பூட் அதையும் மறிக்கும். இந்த வழி அடைபட்டதால்தான் திருடர்கள் வேறு வழிக்குப் போனார்கள்: தாங்களே டிரைவர் எழுதாமல், நல்ல கம்பெனி எழுதிய, முறையாகக் கையெழுத்துப் போட்ட, ஆனால் உள்ளே ஓட்டையுள்ள டிரைவரைக் கூடவே கொண்டுவந்து ஏற்றுவது. கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கூட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் RTCore64.sys என்று ஒரு டிரைவர் இருந்தது. ஃபேன் வேகம், வோல்டேஜ் எல்லாம் மாற்ற வேண்டுமே, அதற்காக மெமரியில் எந்த இடத்தையும் படிக்கவும் எழுதவும் அது வழி கொடுத்தது, கேட்பது யார் என்று பார்க்காமலே. 2022-இல் பிளாக்பைட் என்ற ரான்சம்வேர் கும்பல் அதை ஏற்றி, கெர்னலுக்குள் ஆன்டிவைரஸ் பதிந்து வைத்திருந்த கண்காணிப்பு இணைப்புகளை அழித்தது. அதற்கு முன்பே 2020-இல் ராபின்ஹுட் ரான்சம்வேர் ஜிகாபைட்டின் gdrv.sys-ஐ இதே மாதிரி பயன்படுத்தி, கையெழுத்துச் சோதனையையே நிறுத்திவிட்டு, தன் சொந்த டிரைவரை ஏற்றி ஆன்டிவைரஸைக் கொன்றது. அப்போது ஜிகாபைட் அந்த டிரைவரையே கைவிட்டிருந்தது, கையெழுத்து மட்டும் செல்லுபடியாகவே இருந்தது.

கையெழுத்தை ரத்து செய்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரே சான்றிதழால் அந்தக் கம்பெனி இன்னும் பல நல்ல டிரைவர்களுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கும், ரத்து செய்தால் அவையும் சேர்ந்து நிற்கும். அதனால் மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு தடைப்பட்டியல் வைத்திருக்கிறது, 2022-ஆம் ஆண்டு அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 11-இல் அது தானாகவே ஆனில் இருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் Device security, அதில் Core isolation போனால் Memory integrity, Microsoft Vulnerable Driver Blocklist என்ற இரண்டும் தெரியும். இரண்டும் ஆனில் இருக்கட்டும். ஆனால் இது தெரிந்தவர்களின் பட்டியல், வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் பெரிதாகப் புதுப்பிக்கப்படும், புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டை டிரைவர் அதில் இருக்காது. டிரைவரை ஏற்ற அட்மின் உரிமை வேண்டும். தினசரி வேலை செய்யும் அக்கவுண்டே அட்மினாக இருந்தால் திருடனுக்கு வேலை பாதி முடிந்தது. தடயம் வேண்டுமானால் System லாகில் 7045 என்ற எண்ணைத் தேடுங்கள், புதிதாக ஒரு சர்வீஸ் பதிந்தால் அது வரும். Service Type என்ற இடத்தில் kernel mode driver என்றும், ஃபைல் இருக்கும் இடம் Temp அல்லது Public மாதிரி ஃபோல்டராகவும், நேரம் அந்த நாலு நாளுக்குள்ளும் இருந்தால் மேற்கொண்டு யோசிக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

பின்பக்க மூடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செக்யூர் பூட்டின் ஆன், ஆஃப் நிலையும், எந்தக் கையெழுத்தை நம்புவது என்ற பட்டியலும் மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன எட்டுக்கால் சிப்பில்தான் இருக்கின்றன. பயாஸ் செத்துப்போன லேப்டாப்பைப் பிழைக்க வைக்க CH341A என்ற புரோகிராமரை வைத்து, கிளிப் மாட்டி, அந்தச் சிப்பை நாங்களே திருப்பி எழுதுகிறோம், சர்வீஸ் கடைகளில் இது சாதாரண வேலை. நான் எழுதலாம் என்றால் வேறு ஆளும் எழுதலாம். இன்டெல் பூட் கார்டு போன்ற ஏற்பாடு உங்கள் மாடலில் தயாரிப்பாளரால் பூட்டப்பட்டிருந்தால் ஃபர்ம்வேரின் ஆரம்பப் பகுதியை மாற்றினால் லேப்டாப் கிளம்பாது, ஆனால் எல்லா மாடலிலும் அது இல்லை, இருந்தாலும் செட்டிங்ஸ் சேமிக்கும் பகுதியை அது பார்க்காது. கீபோர்டு ரிப்பனுக்கு நடுவில் ஒரு சின்ன போர்டை வைத்து நீங்கள் அடிப்பதை எல்லாம் பதிவு செய்தால் செக்யூர் பூட், டிஸ்க் என்கிரிப்ஷன் இரண்டுக்குமே அது தெரியாது. மூடியைக் கழற்றி, உங்கள் மாடலின் உட்புறப் படத்தோடு ஒப்பிட்டு, அதிகப்படியாக ஏதாவது இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் வழி. டிஸ்க் Protection On நிலையில் இருந்து, லேப்டாப் கைக்கு வந்து முதல் தடவை ஆன் செய்தபோது மீட்புச் சாவியைக் கேட்டதா? கேட்டிருந்தால் அந்த நாலு நாளில் யாரோ பூட் அமைப்பில் கை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது வலுவான அறிகுறி.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் வேறு கம்ப்யூட்டரிலிருந்து மெயில், பேங்க், கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளம் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயிலில் "எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள், பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் எப்போதும் போதாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் லேப்டாப்போடு போயிருந்தால், திரும்பி வந்திருந்தாலும் சரி, சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்து புதிது வாங்குங்கள். உங்கள் பெயரில் யாரோ பில் ஆஃப் என்ட்ரி போட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பிறகு லேப்டாப்பில் வேண்டிய டாக்குமென்ட்களை மட்டும் காப்பி எடுத்துவிட்டு, வேறு கம்ப்யூட்டரில் தயாரித்த பென்டிரைவிலிருந்து பூட் செய்து, எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து, புதிதாக விண்டோஸ் போடுங்கள். சந்தேகத்துக்குரிய டிஸ்கில் இருக்கும் ஃபைல்களையே வைத்து Reset this PC செய்வதை நான் தவிர்ப்பேன். பயாஸையும் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி மறுபடி போட்டு, செக்யூர் பூட் சாவிகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள்.

அந்தத் தொழிற்சாலைச் சாவியே கோளாறாக இருக்கும் லேப்டாப்களும் உண்டு. 2024 ஜூலையில் வெளிவந்த விஷயம்: சோதனைக்கு மட்டும் என்று கொடுத்த மாதிரிச் சாவியையே நூற்றுக்கணக்கான மாடல்களில் அப்படியே விற்றிருக்கிறார்கள், அதன் ரகசியப் பாதி வெளியே கசிந்தும்விட்டது. பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து இதை ஓட்டுங்கள்:

```
[System.Text.Encoding]::ASCII.GetString((Get-SecureBootUEFI PK).bytes) -match "DO NOT TRUST|DO NOT SHIP"
```

False வந்தால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. True வந்தால் தயாரிப்பாளரிடமிருந்து புது பயாஸ் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் அந்த லேப்டாப்பில் செக்யூர் பூட் ஆன் என்று காட்டுவதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐஸ்கேட் வேலையை வேறு மெஷினுக்கு மாற்றிவிடுங்கள்.